சேவல் போன பிறகு வந்த முட்டைகள்

மனைவி மாதவி வளர்த்த சேவலை மூசாங் என்கிற மரநாய் தூக்கிப்போன செய்தியைத் திருச்செல்வம் அவளிடம் சொல்லாமலேயே இருந்திருப்பான். ஆனால் போனில் பேசும்போதெல்லாம் அவள் அதைத்தான் முதலில் கேட்பாள். குஞ்சாக இருந்த நாளிலிருந்து அவள் கையில் தின்று வளர்ந்த சேவல் அது. அவள் சிங்கப்பூர் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பிய காலையில், தோட்டத்து வாசலில் பஸ் வரும் வரைக்கும் அவள் கால்களைச் சுற்றிக்கொண்டே நின்றது.

"இறக்கைதான் கிடந்துச்சு" என்றான்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது.

"சாம்பல் கோழி முட்டை விடுதா?" என்று கேட்டாள் கடைசியில்.

"விடுது."

"அப்போ இனிமே விடுறத எதையும் சாப்புட்டுறாதீங்க. சேவல் போனாலும் ஒரு வாரம் பத்து நாளைக்கு வர்ற முட்டையில உயிர் இருக்கும்லா. கூரான பக்கம் கீழ இருக்கிற மாதிரி வச்சு, குளுமையான எடத்துல சேத்து வைங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. மலேசியாவில், கோலா பிலாவுக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் செம்பனைத் தோட்டத்தில் அவன் டிராக்டர் ஓட்டுகிறான். இரண்டு வருஷமாகத் தனி ஆள். குடும்பக் கடனை அடைக்கப் போன மாதவி, அதெல்லாம் அடைந்த பிறகும் திரும்பி வரவில்லை. ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் இன்னொரு முறை கையெழுத்துப் போட்டாள். வா என்று அவனும் கேட்டதில்லை. கேட்டால், அங்கே தனியாகக் கஷ்டப்படுகிறவளைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று பயம்.

சாம்பல் கோழிக்கு அடையில் உட்காரும் எண்ணமே இல்லை. அதனால் கூட வேலை செய்யும் அர்ச்சுனனிடமிருந்து குஞ்சு பொரிக்கும் சின்னப் பெட்டியை இரவல் வாங்கி வந்தான். முட்டையைத் தானாகத் திருப்பும் மோட்டார் அதில் கெட்டுப்போயிருந்தது. ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் பென்சிலால் போட்டு, காலையில் வேலைக்குப் போகுமுன், மதியம், மாலை என்று கையாலேயே திருப்பினான். திருப்பாமல் விட்டால் உள்ளே வளருகிற குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று மாதவி சொல்லியிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வராதவன், இப்போது அதற்காகவே மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான்.

மாலையில் பெட்டியின் கண்ணாடிக்கு மேலே போனைப் பிடிப்பான். அவள் ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்ப்பாள்.

"சூடு முப்பத்தேழரை, சரி. ஈரம் அறுபத்தஞ்சு காட்டுதே! யாரு இவ்ளோ தண்ணி ஊத்தச் சொன்னா?"

"காஞ்சு போயிருமோன்னு..."

"நம்ம ஊரு காத்தே ஈரம்தான். இப்போ பெட்டிக்குள்ள இருக்கிற தண்ணிக் குழியில பாதி போதும். முட்டையில உள்ள தண்ணி கொஞ்சம் வத்தணும், அப்பத்தான் குஞ்சு மூச்சு விட எடம் கெடைக்கும். கடைசி மூணு நாளைக்குத்தான் நெறைய ஊத்தணும்."

எத்தனையோ மாதமாக அவர்கள் பேச்சு சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு முடிந்துபோயிருந்தது. இப்போது அவள் திட்டினாள். அவனுக்கு அது இனித்தது.

ஒரு வாரம் கழித்து, ஜன்னலில் சாரோங் கைலியைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கி, முட்டையின் அகலமான பக்கத்தில் டார்ச்சை வைத்துப் பார்த்தார்கள். கடைசியாக விட்ட முட்டைகள் வெறும் மஞ்சளாகத் தெளிந்து கிடந்தன, கூமுட்டை. ஒன்றில் ரத்தம் வளையமாக நின்றிருந்தது. உயிர் பிடித்துப் பாதியில் போனது. முதலில் விட்ட நான்கில் மட்டும் சிலந்தி கால் விரித்த மாதிரி சிவப்பு நரம்புகள். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி அசைந்தது.

"அசையுது" என்றாள் மாதவி. "இன்னும் ரெண்டு வாரம். நான் லீவுல வர்ற அந்தச் சனிக்கிழமைதான் பொரிக்கும். கணக்குப் பாத்துத்தான வைக்கச் சொன்னேன்."

ஆனால் பொரிக்க வேண்டிய வாரத் தொடக்கத்திலேயே அவள் லீவு ரத்தாயிற்று. ஆள் குறைவு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். அடுத்த வாரம் வரை முட்டை காத்திருக்குமா? "போன்ல பாத்துக்குறேன், பரவால்ல" என்றாள். பரவாயில்லை என்று அவள் சொன்ன விதமே அவனை என்னவோ செய்தது.

கடைசி மூன்று நாளுக்காக முட்டை திருப்புவதை நிறுத்தி, தண்ணீரை நிறைத்து, மூடியைத் திறக்காமல் விட்ட மறுநாள் மதியம் பெருமழை. ஒரு மரம் மின்கம்பிமேல் சாய்ந்து, தோட்டத்து வீடுகள் வரிசையாக நிற்கும் லயம் முழுவதும் கரண்டு போனது. தூரத்துச் செம்பனை நிரையில் வேலையில் நின்ற திருச்செல்வத்துக்கு அது தெரியவே இல்லை. நனைந்து வீடு வந்தபோது பெட்டியின் விசிறி நின்று கிடந்தது. வெப்பமானி முப்பதுக்கும் கீழே இறங்கியிருந்தது. போர்வையை எடுத்துப் பெட்டியைச் சுற்றினான்.

பக்கத்து வீட்டு இசபெல் எட்டிப் பார்த்தாள். சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"காலையிலதான் கரண்டு வருமாம் அண்ணே. எங்க செவலைக் கோழி ஒரு வாரத்துக்கு மேலா வெறும் பிங்பாங் பந்து மேல அடை உக்காந்திருக்கு. எறக்கிவிட்டாலும் போய் உக்காந்துக்குது. அதுக்குக் கீழ வைங்கலா."

அவன் மாதவியை அழைத்துச் சொன்னான். கோழிக்குக் கீழே போனால் அவளால் எதையும் பார்க்க முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

"உயிர் இருக்கா?" என்றாள்.

ஒரு முட்டையைக் காதில் வைத்தான். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. டார்ச் அடித்தான். முட்டை முழுக்க இருட்டு. மேலே காற்று இருக்கும் இடத்தின் ஓரத்தில் மட்டும் ஏதோ மெல்லத் துடித்தது.

"இருக்கு."

"அப்போ நான் பாக்க வேணாம். கோழிகிட்டயே குடுத்துருங்க."

இசபெல் வீட்டுப் பின்கட்டில் செவலைக் கோழி இறக்கையைப் பரப்பிச் சீறியது. பந்துகளை எடுத்துவிட்டு ஒவ்வொரு முட்டையாகக் கீழே நுழைத்தான். இரண்டு கொத்து கையில் விழுந்தது. பிறகு அது அலகால் முட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு, உடலை அசைத்து அசைத்து அமர்ந்தது.

குளிர் பட்டதாலோ என்னவோ, சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிறு காலை கோழிக்கு அடியிலிருந்து மெலிந்த கீச்சுக் குரல் வந்தது; ஓட்டுக்குள்ளிருந்தே கூப்பிடுகிற குரல். கோழி தொண்டைக்குள் "குக்... குக்..." என்று பதில் சொன்னது. திருச்செல்வம் தரையில் குந்தி, போனைக் கோழியின் அருகே நீட்டினான். மாதவி, கோழியும் குஞ்சும் மாறி மாறிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இரண்டு வருஷமாக அவன் வாயில் வராதது அப்போது வந்துவிட்டது.

"மாதவி, வந்துரு."

"லீவு அடுத்த வாரம்தான..."

"லீவுக்கு இல்ல. வந்துரு. வீட்டுக்கு."

அவள், "இதச் சொல்ல உங்களுக்கு இவ்ளோ நாளா?" என்றாள். "நான் இல்லாமலே உங்களுக்குப் பழகிப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

மூன்று பொரிந்தன. நான்காவது, ஓட்டில் துளையிட்டும் வெளியே வரவில்லை.

அடுத்த வாரம் மாதவி வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் பின்கட்டுக்குப் போனாள். அவளைக் கண்டதும் குஞ்சுகள் ஓடிச் செவலையின் இறக்கைக்குள் நுழைந்தன. பிடிக்கக் குனிந்தவளைக் கோழி பாய்ந்து கொத்த வந்தது. சிரித்துக்கொண்டே பின்வாங்கினாள். கண்ணில் நீர் நின்றது.

"என்னைய யாருன்னே தெரியல பாருங்க" என்றாள்.

எட்டியே உட்கார்ந்து நொய்யரிசியை இறைத்தாள். ஒரு குஞ்சு கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தது, வரவில்லை. இருட்டும் வரை அங்கேயே இருந்தாள். அவனும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் மாலை அவளைச் சிரம்பானில் சிங்கப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம். இந்த முறை கையெழுத்துப் போடமாட்டேன் என்று படியில் நின்று சொன்னாள். அவன் தலையாட்டினான். பஸ் திரும்பி மறைந்த பின்னும் மோட்டாரைக் கிளப்பாமல், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அது போன பாதையையே பார்த்தபடி இருந்தான்.