ஏழாம் அறைத் திரையின் அடிமடிப்பு

“நீ இதக் கழுவினியா, இல்ல கழுவினதா நெனச்சுக்கிட்டியா?”

விடுதியின் மேற்பார்வைக்காரி ஏழாம் அறைக் குளியலறையில் நின்று, கீழ் அறைகளைச் சுத்தம் செய்யும் ஊசியிடம் இப்படிக் கேட்டாள். பதில் திரையின் அடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை பிளாஸ்டிக் திரையின் கீழ் மடிப்பு நெடுக, குழந்தை கிரயான் வைத்து இழுத்தது போல் ஒரு ரோஸ் கோடு. அதற்குக் கீழே தையலை ஒட்டி, மிளகைத் தட்டித் தூவியது போல் கருப்புப் புள்ளிகள். ஐந்து நாளைக்கு முன்னால்தான் தேய்த்துக் கழுவியிருந்தாள். அதற்கு முந்தைய வாரமும் கழுவியிருந்தாள்.

“கழுவினேங்க்கா.”

“அப்ப இது வானத்துலேர்ந்து இறங்குச்சா?”

மேற்பார்வைக்காரியை முகத்துக்கு நேரே எல்லோரும் அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவள் பெயர் பூதக்கண்ணாடி. பதினாறு அறைகளில் எந்தக் குழாயின் பின்புறம் எந்தப் பக்கம் அழுக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சத்தம் போட மாட்டாள், கெட்ட வார்த்தை பேச மாட்டாள். அதனாலேயே அவளிடம் எல்லோருக்கும் பயம்.

“அடுத்த திங்கக்கிழமை நானே வந்து பாப்பேன். அப்பவும் ரோஸ் இருந்துச்சுன்னா, பின்கட்டுச் சாவிய என் கையில குடுத்துடு. வேல செய்ற ஆளுக்குத்தான் அந்த ரூம்.”

சொல்லிவிட்டு, திரையைக் கொசுவி ஒரு பக்கமாக ஒதுக்கி, சுவர்க் கொக்கியில் இருந்த பட்டு நாடாவால் இறுக்கிக் கட்டி, குஞ்சம் வைத்த மாதிரி ஒரு முடிச்சும் போட்டுவிட்டுப் போனாள். பதினாறு அறையிலும் அந்த நாடா உண்டு. அது அவள் கொண்டுவந்த வழக்கம். கதவைத் திறந்ததும் குளியலறை கல்யாணப் பெண் மாதிரி நிற்க வேண்டும் என்பாள்.

பின்கட்டு என்பது துணி காயப்போடும் முற்றத்துக்கு அப்பால் இருந்த ஒற்றை அறை. ஊசியும் அவள் மகளும் அங்கே குடிவந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. மகளின் இறுதித் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம். நடுவில் வீடு மாறினால் அந்தப் பெண் புத்தகத்தை எந்த மூட்டையில் தேடுவாள்? ஊசிக்கு அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மாடி அறைகளைக் கவனிப்பவள் பட்டாசு. வாயைத் திறந்தால் சரம் முடியும்வரை ஓயாது. மத்தியானம் சாப்பிடும்போது விஷயத்தைக் கேட்டுவிட்டு உடனே வைத்தியம் சொன்னாள்.

“கக்கூஸ் ஆசிட்டக் கொஞ்சம், ப்ளீச்சக் கொஞ்சம், ரெண்டையும் ஒரே வாளியில ஊத்திக் கலக்கு. கருப்பு, ரோஸ், எல்லாம் துண்டக் காணோம் துணியக் காணோம்னு ஓடிடும்.”

“நாமளும் ஓடணும். ரெண்டும் சேந்தா விஷப்புகை வரும். பாட்டில்லயே எழுதியிருக்கு.”

“பாட்டில்ல எழுதினதயெல்லாமா படிப்ப?”

“படிக்கத் தெரியுமே, என்ன பண்றது.”

“அப்ப என்னதான் செய்யப்போற, ஊசி?”

“வழக்கம்போலத்தான். இந்தத் தடவ கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டு.”

ஏழாம் அறையில் ஒரு பாட்டு டீச்சர் மாத வாடகைக்கு இருந்தார். காலையில் அவர் கிளம்பிப் போனதும் ஊசி ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை மாட்டி, வளையங்களைக் கழற்றித் திரையைத் தரையில் விரித்தாள். முதலில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும். ரோஸ் வழுவழுப்புக்கு வீராப்பு கிடையாது. பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தால் மூக்குச்சளி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உடம்பு எண்ணெயும் சோப்புப் படலமும்தான் அதற்குச் சாப்பாடு. அந்தப் படலத்தை எடுக்காமல் மேலே ப்ளீச் ஊற்றினால், ப்ளீச்சின் வேகமெல்லாம் அழுக்கோடு மல்லுக்கட்டுவதிலேயே தீர்ந்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் தேய்த்து அலசினாள்.

கருப்பு அப்படி வராது. அது ஊன்றி நிற்கும் ஜாதி. ஒரு குவளை ப்ளீச்சுக்கு ஒன்பது குவளை தண்ணீர் கலந்து, பழைய துணியை அதில் நனைத்து, புள்ளிகள் மேல் அட்டை போல ஒட்டிவைத்தாள். வெறுமனே ஊற்றினால் வழிந்து ஓடிவிடும். ஈரமாகப் பத்து நிமிடமாவது உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். அதுவரை கதவுக்கு வெளியே நின்றாள். பிறகு துணியை எடுத்துப் பார்த்தபோது மிளகெல்லாம் வெளிறிப்போயிருந்தது. ஓரிரண்டு மட்டும் பழுப்புக் கறையாக நின்றன. நிறையத் தண்ணீர் விட்டு அலசினாள்.

இவ்வளவையும் போன இரண்டு தடவையும் செய்திருந்தாள். இதோடு முடிந்தது என்று தூக்கி மாட்டியிருந்தாள். பூதக்கண்ணாடி கேட்டது சரிதான். கழுவினதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை திரையைத் தூக்கப் போனவள், அடிமடிப்பைப் பிடித்த இடத்தில் நின்றுவிட்டாள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அது கனத்தது. பதினோரு வருடம் சட்டைத் தொழிற்சாலையில் கீழ்மடிப்பு மட்டுமே தைத்த கை அது. மடிப்பு எவ்வளவு கனக்கலாம் என்று அந்தக் கைக்குத் தெரியும். ஆலை மூடியபோது தொழில் போனது, பட்டப்பெயர் மட்டும் கூடவே வந்தது.

விரலால் அழுத்தினாள். ஊசித் துளைகள் வழியாக, வரிசையாக, ரோஸ் நிறத் தண்ணீர் முத்து முத்தாக வெளியே வந்தது.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு விரல் அகலத்துக்குப் பிளாஸ்டிக்கை மடித்துத் தைத்திருந்தார்கள். அப்படித் தைத்தால் அது மடிப்பு இல்லை, குழாய். தண்ணீர் துளை வழியாகவும் ஓரம் வழியாகவும் உள்ளே போகும், வெளியே வர வழி தெரியாது. போதாக்குறைக்குத் திரை நீளம் அதிகம். அடி எப்போதும் குளிக்கும் தொட்டியின் தேங்கின தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நிற்கும். அதற்கும் மேலே அந்த நாடா. குளித்து முடித்த ஈரத்தோடு கொசுவிக் கட்டிவிட்டால் காற்று எங்கே நுழையும்? அழகு பார்க்கக் கட்டிய கட்டு, பூசணத்துக்குப் போர்த்திவிட்ட போர்வை.

துணிக்கு மடிப்பு வேண்டும், இல்லாவிட்டால் நூல் பிரிந்துபோகும். பிளாஸ்டிக்கில் எந்த நூல் பிரியப் போகிறது? துணி தைத்த பழக்கத்தில் யாரோ ஒருத்தி இதற்கும் மடிப்பு வைத்திருக்கிறாள். நானாக இருந்தாலும் வைத்திருப்பேன் என்று ஊசி நினைத்துக்கொண்டாள்.

தையல் பிரிக்கும் சின்னக் கொக்கி அவள் பையில் எப்போதும் இருக்கும். ஆனால் விடுதிச் சாமானைக் கிழித்தால் திங்கட்கிழமை வரை காத்திருக்கத் தேவையில்லை, அன்றைக்கே சாவி போய்விடும். கிழிக்காவிட்டால் ஐந்தாம் நாள் ரோஸ் வரும், திங்கட்கிழமை சாவி போகும். எப்படியும் போகிற சாவி என்றால், செய்துவிட்டே போகட்டும்.

பிரித்தாள். ஊசி கூப்பிட்ட குரலுக்குப் பட்டாசு வந்து மடிப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “அய்ய, மீன் கொடல் மாதிரி இருக்கு. சாப்பிட்ட சாப்பாடு வெளிய வந்துடும் போல,” என்று மூக்கைப் பொத்தினாள். பருத்தி நூல் முழுக்கக் கறுத்து, தொட்டதும் அறுந்தது.

“மறுபடி தெச்சுடுவியா?”

“தெக்கல. வெட்டப்போறேன்.”

“ஐயோ அம்மா. நான் இங்க வரவே இல்ல, ஒண்ணும் பாக்கவே இல்ல,” என்று பட்டாசு படியேறிப் போய்விட்டாள்.

மடிப்புக்குள் இருந்ததைச் சோப்பு போட்டு வழித்து, ப்ளீச் துணி வைத்து, அலசினாள். ஊசித் துளை வரிசைக்கு ஒரு நூலிழை அகலம் மேலே கத்தரியை வைத்து ஒரே நேராக வெட்டினாள். மாட்டிப் பார்த்தபோது அடி தொட்டியின் தரையைத் தொடவில்லை. தொட்டி விளிம்புக்கு உள்ளேயும் நின்றது, தண்ணீர் வெளியே தெறிக்காது. திரையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை விரித்துவிட்டாள். நாடாவைக் கொக்கியிலேயே விட்டாள்.

சாயங்காலம் டீச்சர் வந்தபோது விஷயத்தைச் சொன்னாள்.

“குளிச்சு முடிச்சதும் உதறிட்டு விரிச்சே விட்டுடுங்க டீச்சர். கட்ட வேண்டாம். ஜன்னலும் தொறந்தே இருக்கட்டும்.”

“கட்டி வைக்கலன்னா உங்க அக்கா என்னைத் திட்டுவாங்களேம்மா. நான் காசு குடுத்துத் தங்குறேன், இருந்தும் பயந்து பயந்து தினமும் கட்டுறேன்.”

“திட்டு எனக்கு வரும். நீங்க விரிச்சு விடுங்க.”

மூன்றாம் நாள் டீச்சர் ஒரு குறை சொன்னார். மடிப்புக் கனம் போனதால் திரை காற்றில் எழும்பிக் காலில் ஒட்டுகிறதாம். “பூனைக்குட்டி மாதிரி உரசுது,” என்றார். ஊசி யோசித்தாள். அதற்கு அவளிடம் வைத்தியம் இல்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். டீச்சர் பரவாயில்லை, பூனை சுத்தமாக இருக்கிறது என்றார்.

ஐந்தாம் நாள் பார்த்தாள். ஆறாம் நாள் விரலால் தடவிப் பார்த்தாள். ஏழாம் நாள் போகவே இல்லை. புண்ணை அடிக்கடி தொட்டுப் பார்த்தால் ஆறாது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை கிளம்பும்போது, ஆணியில் தொங்கிய பின்கட்டுச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, “சாவி எதுக்கும்மா? நான் இங்கதான இருக்கேன்,” என்றாள்.

“சும்மாதான். நீ படி.”

பூதக்கண்ணாடி ஏற்கெனவே ஏழாம் அறைக் குளியலறையில் இருந்தாள். விரித்துக் கிடந்த திரையை முதலில் பார்த்தாள். கொக்கியில் சும்மா தொங்கிய நாடாவைப் பார்த்தாள்.

“யாரு அவுத்துப் போட்டது?”

“நான்தாங்க்கா.”

“அழகா இருக்கா இது? துணிக்கடையில தொங்கவிட்ட மாதிரி.”

மேற்பார்வைக்காரி குனிந்தாள். அடியைத் தூக்கினாள். மடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் அவள் விரல்கள் மடிப்பைத் தேடின.

“வெட்டியிருக்க.”

“ஆமாங்க்கா. மடிப்புக்குள்ளதான் இருந்துச்சு. தண்ணி உள்ள போயி வெளிய வரல. கட்டி வெச்சதும் காயவே இல்ல. பிளாஸ்டிக்கு, நூல் பிரியாது.”

கட்டி வைத்தது என்று சொன்ன பிறகுதான், அதை யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. சொன்னது சொன்னதுதான்.

மேற்பார்வைக்காரி திரையின் அடியை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நகர்ந்தாள். அவசரப்படவில்லை. வெட்டின விளிம்பு காய்ந்து கிடந்தது. முடிவில் கட்டைவிரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், மூக்கருகே கொண்டுபோனாள், வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்தாள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. பழைய பழுப்புக் கறை இரண்டையும் நகத்தால் சுரண்டினாள். அது கறைதான், எதுவும் உரிந்து வரவில்லை.

ஊசி சாவியை நீட்டினாள். நீட்டுவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் நீட்டினாள்.

மேற்பார்வைக்காரி சாவியைப் பார்த்தாள். பிறகு திரும்பி, சுவர்க் கொக்கியில் இருந்த பட்டு நாடாவைக் கழற்றி, விரலில் சுருட்டி, மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சாவியைத் தொடாமலே வெளியே போனாள்.