வெட்டிய இரண்டு வரிகள்

அறுபத்திரண்டு பக்க எடைக் கணக்கெடுப்பு அறிக்கையை ஒரே பக்கமாகச் சுருக்கியவள் நான்தான். ஹட்டனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. எங்கள் இணைப்பாளர் மகாலிங்கம் சேர், யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளை, ஒரு பக்கத்துக்கு மேல போனா ஒருத்தரும் வாசிக்காயினம்" என்றார். வெட்டு வெட்டென்று வெட்டினேன். அதில் பெருமை வேறு எனக்கு!

சுருக்கத்தின் முதல் வரி இது: "தேயிலைத் தோட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் எடை குறைந்தோர் நூற்றுக்கு முப்பத்தொன்றிலிருந்து பத்தொன்பதாகக் குறைந்துள்ளனர்." பணம் ஒதுக்கும் கொழும்புக் குழு அதைப் படித்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகக் கொடுத்துவந்த சத்துணவுப் பொதி இந்த மாதத்தோடு நிற்கும் என்று கடிதம் வந்துவிட்டது.

மறுநாளே லயத்திலிருந்து வேலாயி அக்கா ஆபீசுக்கு வந்தார். இடுப்பில் அண்ணன் மகள் சர்மிளா. தாய் குவைத்தில். பிள்ளைக்கு மூன்றரை வயது, பார்த்தால் இரண்டுதான் சொல்வீர்கள்.

"எடை கூடிருச்சுன்னு எழுதினீங்களாமே. இவள யாருங்க நிறுத்துப் பாத்தது?"

"பிள்ளைக்காம்பராவுல நிறுத்தாங்களே அக்கா."

"அங்க வேலைக்குப் போற தாய்மாரோட புள்ளைங்களத்தானே பகல்ல பாத்துக்கிறாங்க. இவ அம்மாதான் தோட்டத்துல பேர வெட்டிட்டு வெளிநாடு போயிருச்சே."

அறிக்கையைப் புரட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. முதல் சுற்று, 2022 பெப்ரவரி, மார்ச்: லயங்களில் வசிக்கும் எல்லாப் பிள்ளைகளும். இரண்டாம் சுற்று, 2024 மே, ஜூன்: பிள்ளைக்காம்பராவில் பதிந்த பிள்ளைகள் மட்டும். முன்னது கொழுந்து குறைந்து வேலைநாள் சுருங்கும் வறட்சிக்காலம். பின்னது கொழுந்து பொங்கும் காலம், அடுப்பும் ஒழுங்காக எரியும். கீழே தெளிவாக எழுதியும் வைத்திருந்தார்கள்: இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம்.

யாரை அளந்தார்கள், எப்போது அளந்தார்கள் என்ற அந்த இரண்டு வரிகளைத்தான் இடத்தை அடைக்கின்றன என்று வெட்டியிருந்தேன். லயத்தில் பிறந்து, பிள்ளைக்காம்பராவில் வளர்ந்த நான்! என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

இரு சுற்றுகளின் விவரத்தையும் சேர்த்து, "ஆகவே குறைந்ததென்று கூற முடியாது" என்று முடித்து, சுருக்கத்தைத் திருத்தி நீட்டினேன். சேர் படித்தார். உடனே கொழும்புக்குப் போன் போட்டார், கெஞ்சினார். தவறுக்கு வருந்துகிறோம், ஆனால் பணத்தை வேறு மாவட்டத்துக்கு ஒதுக்கியாயிற்று என்றார்கள். இன்னும் இரண்டு வருடத்தில் அடுத்த கணக்கெடுப்பாம், அதில் லயத்துப் பிள்ளைகள் எல்லாரையும் நிறுப்பார்களாம்.

"என்ன சொல்றாங்க?" என்றார் அதுவரை காத்திருந்த வேலாயி அக்கா.

சொன்னேன்.

"அப்ப இவளையும் நிறுப்பாங்கல்ல?" அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

நிறுப்பது ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மட்டும். அப்போது சர்மிளாவுக்கு ஐந்தரை ஆகியிருக்கும். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், அந்தப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.