அர்த்தனாரியின் வயது

"போதுங்க, மூடிருங்க," என்றாள் பெருமாயி. பிணவறை ஊழியர் துணியை இழுத்துவிட்டார். "எம் பையன்தானுங்க. அர்த்தனாரி. பதினாலு வயசு."

எழுதிக்கொண்டிருந்த கோட்டாட்சியரின் பேனா நின்றது. போலீஸ் சுட்டு யார் செத்தாலும் அவர்தான் விசாரித்து எழுத வேண்டும். மூன்று நாளைக்கு முன்னால் எல்லைக் காட்டில் ஓர் ஆயுதக் குழுவுக்கும் போலீசுக்கும் நடந்த சண்டையில் செத்த ஐந்து பேரில் இவன் ஒருவன்.

"பள்ளிக்கூட சர்டிபிகேட்ல மார்ச் தொண்ணூறுன்னு இருக்கும்மா. இப்ப மே ரெண்டாயிரத்தெட்டு. பதினெட்டு முடிஞ்சிருச்சு."

"அது மூத்தவனுதுங்க."

மூத்தவனும் அர்த்தனாரிதான். திருச்செங்கோட்டுச் சாமிக்கு வேண்டிப் பெற்றது, பத்தாம் மாதம் காய்ச்சலில் போனது. நாலு வருடம் கழித்துப் பிறந்தவனுக்கும் அதே பெயரை வைத்தார்கள். இவன் பிறந்தது மலையில், வீட்டிலேயே. மூத்தவன் சேந்தமங்கலம் ஆஸ்பத்திரியில் பிறந்ததால் அவனுக்குத்தான் காகிதம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் காகிதம் கேட்டபோது, முத்திரை போட்ட ஒன்று தன்னிடம் இருக்கிற பெருமையில் பெருமாயி அதையே நீட்டினாள். ஒன்பது வயதில் ஒன்றாவது சேருவது மலையில் அதிசயமில்லை. வாத்தியாரும் எழுதிக்கொண்டார்.

"மூத்த குழந்தை செத்ததுக்கு சர்டிபிகேட் இருக்கா?"

"தோட்டத்துல பொதைச்சமுங்க. அதை யாருங்க எழுதுனா?"

அவர் பதினெட்டு என்றே எழுதினார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களால் எத்தனை காரியம் நடக்காது என்பதை அன்றைக்குத்தான் பெருமாயி தெரிந்துகொண்டாள்.

துணைக்கு வந்திருந்த வக்கீல் தாமரைச்செல்வி அவளை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனாள்.

"பதினெட்டுக்குக் கீழ இருக்கற யாரையும் எந்த ஆயுதக் குழுவும் சேக்கக் கூடாதும்மா. அவனே ஆசைப்பட்டுப் போனாலும் கூடாது. அப்படின்னு ஐக்கிய நாட்டு நெறிமுறை இருக்கு. மூணு வருசம் முன்ன நம்ம நாடும் ஏத்துக்கிச்சு. பதினஞ்சுக்கும் கீழன்னா, சேத்தாலே போர்க்குற்றம்."

"துப்பாக்கியெல்லாம் அப்பறந்தானுங்க. மொதல்ல அரிசி தூக்கினான், சேதி கொண்டுபோனான்."

"அதுவும் குற்றந்தான். அதைத் தடுக்கறதும், புள்ளையை மீட்டுப் படிக்க வெக்கறதும் அரசாங்கத்தோட கடமை."

பெருமாயிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எட்டு மாதத்துக்கு முன்னால் நாலு பேர் வந்து, இல்லாதவனுக்காகச் சண்டை போடுகிறோம், ஊட்டுக்கு ஒருத்தர் வேண்டும் என்று பேசி, பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போனார்கள். மறுநாளே மலையிறங்கி மனுக் கொடுத்தாள். சான்றிதழைப் பார்த்துவிட்டு, 'வயது பதினேழு, வீட்டை விட்டுப் போய்விட்டான்' என்று எழுதிக்கொண்டார்கள். யாரும் தேடவில்லை.

"எலும்பை எக்ஸ்ரே எடுத்தா வயசு தெரியும்னீங்களே?"

"தெரியும். ரெண்டு வருசம் முன்னப்பின்ன சொல்லும், அதுவே போதும். ஆனா பள்ளிச் சான்று இருந்தா எலும்பைப் பாக்கக் கூடாதுன்னு விதியைக் காட்டறாங்க. உசுரோட இருக்கற புள்ளைங்களக் காப்பாத்த எழுதுன விதிம்மா அது." தாமரைச்செல்வி குரலைத் தாழ்த்தினாள். "ஹைகோர்ட்டுக்குப் போலாம். அதுவரைக்கும் உடம்பு இங்கயே இருக்கணும்."

அங்கே குளிர்பெட்டி நாலுதான். ஐந்தாவதாக வந்த அர்த்தனாரி தரையில் ஐஸ்கட்டி நடுவே கிடந்தான்.

"கோர்ட்டுல செயிச்சா, கூட்டிப்போனவங்களப் புடிப்பாங்களாங்க?"

பொய் சொல்ல அந்தப் பெண்ணுக்கு வரவில்லை. "அந்தக் குற்றத்தை விசாரிக்கற உலகக் கோர்ட்டுல நம்ம நாடு சேரலம்மா. இங்க போரே நடக்கலன்னுதான் அரசாங்கம் சொல்லுது. ஆனா சின்னப் பையன்னு எழுத்துல நிக்கும்."

அது நின்றால் போதும் என்றுதான் பெருமாயி வந்தாள். தன் பிள்ளை பிள்ளையாகவே செத்தான் என்று ஒரு காகிதமாவது சொல்ல வேண்டும். அதற்குள் அவள் புருசன் சாமியப்பன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்தான்.

"கொண்டுட்டுப் போயிரலாம் புள்ள. ஒடம்பு இனி தாங்காது."

வயது பதினெட்டு என்று எழுதியிருந்த தாளில் பெருமாயி கைநாட்டு வைத்தாள். மை உலரும்வரை விரலை எடுக்க மறந்து அப்படியே வைத்திருந்தாள். பெற்றவளே பிள்ளைக்கு நாலு வயது கூட்டிவிட்டாள்.

வேன் மலையேறி, அவர்கள் ஊர் இருக்கும் குண்டூர் நாட்டைச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பங்காளி கதிரேசன் குழியைத் தயாராக வைத்திருந்தான். அவனை இறக்கிப் படுக்க வைத்தார்கள். காலுக்குக் கீழே ஒன்றரை முழம் வெறும் குழியாக நீண்டு கிடந்தது.

"போன்ல கேட்டனுங்க சின்னம்மா," என்றான் கதிரேசன். "பதினெட்டுன்னு சொன்னாங்க. அந்த அளவுக்குத் தோண்டிட்டேன்."

சாமியப்பன் குழிக்குள் இறங்கினான். மண்ணைக் கையால் அள்ளி, மகனின் பாதத்துக்கு அப்பால் கொஞ்சம் கொஞ்சமாக அணைத்துக் கொடுத்தான்.