சிகிச்சைப் பதிவேட்டில் ஐந்து காலி வரிகள்

கொக்கு எழுதிய முன்னுரையின் முதல் பத்தியில் உலகமே இருமிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் காசநோய் வருகிறது, பன்னிரண்டு லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்று ஆரம்பித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஆதாரம் போட்டு, அழகாகத்தான் எழுதியிருந்தாள். சமூக மருத்துவத்தில் முதுநிலை இரண்டாம் ஆண்டு. கழுத்து நீளம் என்பதால் கொக்கு. அந்தப் பெயரை வைத்தது யார் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் ஆளைச் சும்மா விடமாட்டாள்.

அவளுடைய வழிகாட்டியான பேராசிரியைக்கும் ஒரு பெயர் உண்டு. கத்தரி. மாணவர்கள் கொண்டுவரும் பத்துப் பக்கத்தை மூன்று பக்கமாக்கித் திருப்பிக் கொடுப்பதால் வந்த பெயர். முன்னுரையை நின்றுகொண்டே படித்து முடித்தார்.

"முதல் பத்தி உலகம். சரி. ரெண்டாவது நம்ம நாடு, சரி. மூணாவதுல, மருந்து இருக்கு, ஆறு மாசம் சாப்பிட்டா பெரும்பாலானவங்களுக்குக் குணமாயிடும்னு சொல்ற. நல்லது. கடைசியில என்ன எழுதியிருக்க? 'இந்த மருத்துவமனையில் இதுபற்றி இதுவரை யாரும் ஆராயவில்லை.' ஏம்மா, இந்த மருத்துவமனையில யாரும் யானையைக்கூட எடை போட்டதில்ல. போட்டா பட்டம் குடுத்துடுவாங்களா?"

கொக்கு சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

"தெரிஞ்சது எங்க முடியுது, தெரியாதது எங்க ஆரம்பிக்குது? படிக்கிறவனை அந்த வரப்புல கொண்டுபோய் நிறுத்து. அதுக்குத்தான் முன்னுரை. வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு கூடுது. விட்டா அடுத்த கூட்டம் ஆறு மாசம் கழிச்சு."

ஆறு மாதம். அதற்குள் அம்மா சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் 'மகள் படிப்பை முடித்துவிட்டாள்' என்று சொல்லி முடித்திருப்பாள்.

இரண்டு நாள் நூலகத்திலேயே கிடந்தாள். படிக்கப் படிக்க ஒன்று புலப்பட்டது. நூற்றுக்கு இத்தனை பேர் குணமானார்கள் என்று எல்லோரும் கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் அந்த நூறு பேர் சிகிச்சைப் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டவர்கள். சளியில் கிருமி இருப்பது தெரிந்தும், மாத்திரை வாங்க வராமலே போனவர்கள் அந்த நூற்றில் இல்லை. அப்படிப்பட்டவர்களைத் தேடிப்போய்க் கட்டுரை எழுதியவர்களும் உண்டு. தேடப்பட்டவர்களில் சிலர் இறந்திருந்தார்கள், சிலர் வேறு ஊருக்குப் போயிருந்தார்கள், சிலர் தனியார் மருத்துவரிடம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டுரைகளின் அட்டவணைகளுக்கு அடியில் ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது: முகவரி பொய், கண்டுபிடிக்க முடியவில்லை, ஆய்விலிருந்து நீக்கப்பட்டனர்.

நீக்கப்பட்டவர்கள் யார்? வேண்டுமென்றே பொய் சொன்னவர்களா? என்ன காரணத்துக்காக? தான் படித்த எதிலும் அவளுக்கு அதற்குப் பதில் கிடைக்கவில்லை. அதைக் கடைசிப் பத்தியாக எழுதியபோது கைமயிர் சிலிர்த்தது. உலகத்தில் தொடங்கிய இருமல், யாருமில்லாத ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தது.

கத்தரி இந்த முறை உட்கார்ந்து படித்தார். "வரப்புக்கு வந்துட்ட. ஆனா இப்படிப்பட்ட ஆளுங்க நம்மகிட்ட இருக்காங்களான்னு பாத்தியா? ஆளே இல்லாத கேள்விக்கு ஆராய்ச்சி எதுக்கு? பரிசோதனைப் பதிவேட்டையும் சிகிச்சைப் பதிவேட்டையும் பக்கத்துல வெச்சு ஒத்துப் பாரு."

அந்த இரண்டு பதிவேடுகளும் ஒரே குடும்பத்துச் சொத்து என்று மருத்துவமனையில் ஒரு கேலி உண்டு. நடைபாதையின் ஒரு கோடியில் பரிசோதனைக் கூடம். யாருக்கு நோய் என்று அங்கே எழுதுகிறவர் லேப் அண்ணன். மறு கோடியில் மாத்திரை கொடுக்கும் இடம். யார் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று அங்கே எழுதுகிறவர் அவர் மனைவி, கவுன்ட்டர் அக்கா. நடுவில் நாற்பது அடி தூரம். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அக்காதான் அந்தத் தூரத்தை நடப்பாள்.

"எடுத்துக்கோ தாயி. பக்கத்தைக் கிழிச்சிடாத," என்றார் லேப் அண்ணன். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் சிரித்தது. கொஞ்ச நாளாக அவர் அதைக் கழற்றுவதே இல்லை. தேநீரைக்கூட உள்ளே கொண்டுபோய்த்தான் குடிப்பார்.

அக்காவும் தன் பதிவேட்டைக் கொடுத்தாள். புரட்டும்போது கொக்குவுக்கு ஒன்று கண்ணில் பட்டது. மார்ச் முதல் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு வரி காலியாக விடப்பட்டிருந்தது. எண் போடப்பட்டிருந்தது, பெயர் இல்லை. தேதியைக்கூடத் தவறவிடாத அக்கா இப்படி விடுகிற ஆளில்லையே என்று நினைத்தாள். கேட்க நினைப்பதற்குள் வரிசையில் நின்றவர்கள் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள்.

பதிவு அறையில் ஒரு ஜன்னல், ஒரு மேசை, கூரைவரை பழைய பதிவேடுகள். கொக்கு ஒரு பெயராக ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். சளியில் கிருமி இருந்தவர்களில் ஐந்து பேர் மட்டும் சிகிச்சைப் பக்கத்தில் எங்குமே இல்லை. மார்ச்சில் ஒரு தையல்காரர். ஏப்ரலில் ஒரு கொத்தனார். மே மாதம் ஒரு வாத்தியார், ஜூனில் ஒரு ஓட்டுநர், ஜூலையில் ஒரு காவலாளி. ஐந்து பேர் கிடைத்துவிட்டார்கள் என்று முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது.

ஒருவேளை இவர்கள் ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவர்களோ என்று முந்தைய ஆண்டுகளின் சிகிச்சைப் பதிவேடுகளை இறக்கினாள். தையல்காரர் இருந்தார். அதே பெயர், அதே வயது, அதே தெரு. கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் ஒரு சொல்: இறப்பு. கொத்தனார், இறப்பு. வாத்தியார், இறப்பு. மற்ற இருவரும் அப்படியே. ஐந்து பேருமே போன ஆண்டே போய்ச் சேர்ந்தவர்கள்.

செத்தவர்கள் வந்து சளி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வெளியே நல்ல வெயில். ஜன்னலில் குருவி கத்திக்கொண்டிருந்தது. இருந்தாலும் கொக்கு எழுந்து கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முடிவுகள் எழுதிய கட்டத்தைப் பார்த்தபோது பயம் இன்னும் கூடியது. மார்ச்சில் மிகக் குறைவு, எண்ணிச் சொல்லக்கூடிய சில கிருமிகள். ஏப்ரலில் ஒன் ப்ளஸ். மே மாதமும் ஒன் ப்ளஸ். ஜூனில் டூ ப்ளஸ். ஜூலையில் த்ரீ ப்ளஸ், அதற்கு மேல் அளவே இல்லை. ஐந்து பேரின் கதையாக அது தெரியவில்லை. ஒரே நெஞ்சு மாதாமாதம் அரிக்கப்பட்டுக்கொண்டு வருகிற கதையாகத் தெரிந்தது. அந்த நெஞ்சு இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

ஆவி எழுதியிருந்தாலும் அதற்குச் சீட்டு வேண்டும் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள். மருத்துவர் எழுதிய சீட்டு இல்லாமல் எந்தச் சளியும் கூடத்துக்குள் போகாது. கட்டுக்கட்டாக இருந்த சீட்டுகளை மாதவாரியாகப் பிரித்துத் தேடினாள். எல்லா எண்ணுக்கும் சீட்டு இருந்தது. அந்த ஐந்து எண்களுக்கு மட்டும் இல்லை.

சீட்டில்லாமல் ஒரு சளி உள்ளே போக வேண்டுமானால், அது உள்ளேயே இருக்கிற ஒருவருடையதாக இருக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் இருப்பது ஒரே ஒரு ஆள்.

நடைபாதையில் நடந்தபோதே இருமல் கேட்டது. எத்தனையோ நாள் கேட்ட இருமல்தான். தூசி, ஸ்லைடுக்கு ஏற்றும் சாயத்தின் புகை என்று அவர் சொன்னதை அவளும் நம்பியிருந்தாள். காசநோயைப் பற்றி உலகத்துக்கே முன்னுரை எழுதத் தெரிந்தவளுக்கு நாற்பது அடியில் இருந்தது காதில் விழவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. வாசலில் நின்று முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணே, ஜூலையில வந்த காவலாளி யாருண்ணே?"

லேப் அண்ணன் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பாத்துட்டியா?"

"செத்தவங்க பேர்ல ஏன்?"

"உயிரோட இருக்கிறவன் பேரைப் போட்டா, ஏன் மாத்திரைக்கு வரலன்னு வீட்டுக்குத் தேடிப் போவாங்க. செத்தவனைத் தேடி யாரு போவா?"

"எழுதாமலே விட்டிருக்கலாமே."

அப்போதுதான் நிமிர்ந்தார். கொஞ்சம் கோபம்கூட இருந்தது. "பாத்த ஸ்லைடுக்கு எண் போடாம விடுறதா? இருபத்திரெண்டு வருஷத்துல ஒண்ணு விட்டதில்ல. மேலிடத்துலேர்ந்து வந்து திரும்பப் பாக்குறப்ப ஸ்லைடு ஒண்ணு கூடுதலா இருந்தா என்ன சொல்றது? பேருதான் பொய். முடிவு பொய் இல்ல."

அவளுக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "மாத்திரை நாற்பதடி தூரத்துல இருக்குண்ணே!"

"அங்க உக்காந்திருக்கிறது யாருன்னு தெரியும்ல?" குரல் இறங்கிவிட்டது. "மார்ச்சுலயே கேட்டா. டெஸ்ட் பண்ணினேன், நாலஞ்சு கிருமிதானேன்னு, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். இந்த ஆஸ்பத்திரியில என் வாய் சொன்னதுதான் முடிவு. அவ மறுபேச்சுப் பேசல. அடுத்த மாசம் குறைஞ்சிடும், அடுத்த மாசம் குறைஞ்சிடும்னு பாத்தேன். ஏறிட்டே போச்சு. இப்ப அவ முன்னாடி போய் எந்த முகத்தோட நிப்பேன்?"

கொக்குவுக்குக் காலி வரிகள் நினைவுக்கு வந்தன. மார்ச், ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. அக்காவின் பதிவேட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தாள். அவர் ஒவ்வொரு காலி வரியின் மேலும் விரலை வைத்துப் பார்த்தார். கடைசி வரிக்கு வந்ததும் எழுந்தார்.

அந்த நாற்பதடியை அவர் நடக்க வெகுநேரமானது. இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டார். கவுன்ட்டரில் கூட்டம் கலைந்திருந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கொக்குவின் கையிலிருந்த பதிவேட்டை வாங்கி ஜூலைக் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்தாள்.

"எடை மேடையில ஏறுங்க," என்றாள். "எடைக்குத் தகுந்த மாத்திரைதான்."

ஏறினார். ஐம்பத்தொன்று. போன வருடம் அறுபத்திமூன்று என்று அக்காவே முணுமுணுத்தாள். காலி வரியில் அவர் பெயரை நிதானமாக எழுதினாள்.

"தெரிஞ்சுதான் வரி விட்டியா?" என்று கேட்டார் அவர்.

"ராத்திரி பக்கத்துல படுத்திருக்கிறவளுக்குத் தெரியாதா? நான் இழுத்துட்டு வந்தா நீங்க சொன்னது பொய்யின்னு ஊருக்கே சொன்னதா ஆயிடும். நீங்களா வருவீங்கன்னு காத்திருந்தேன். தப்புப் பண்ணிட்டேன்."

மாத்திரை அட்டையை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து, மூடி போட்ட சின்னச் சளிக் கப்பை எடுத்து அவர்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். மூடியின் மேல் பெயர் எழுதாமல் இருந்தது.

"மூணு வாரமா எனக்கும் இருக்கு," என்றாள். "இதுக்காவது நிஜப் பேரைப் போடுங்க."