மல்லி போட்ட மிளகாய்த்தூள்

பரந்தன் சந்தியில், எங்கள் இணையக் கடையின் மாடி அறையில் எனக்கு ஒரு வேலைதான்: எந்தப் பொருள் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்பது. பார்த்துப் பார்த்து அலுத்துப்போன வேலை. நூறு பொதி போனால் மூன்று திரும்பும், அது வழமை. அந்த வாரம் அனுப்பியதில் நூற்றுக்குப் பதினொன்று திரும்பியது.

பொருள்வாரியாகப் பிரித்தேன். மற்றதெல்லாம் பழையபடி. மிளகாய்த்தூள் மட்டும் தாறுமாறாக ஏறியிருந்தது. அதை எங்களுக்குத் தருபவர் ஒரே ஒருவர், விசுவமடு இராசேஸ்வரி அக்கா. காசைத் திருப்பிக் கேட்டவர்கள் எழுதிய காரணமும் ஒன்றுதான்: கலப்படம், மல்லி கலந்திருக்கிறது.

திரும்பி வருவது ஒரு வரம்பைத் தாண்டினால் பொருளைத் தளத்தில் மறைக்கும்படி முதலாளி ரூபன் அண்ணா கணினியில் போட்டு வைத்திருக்கிறார். இரண்டாம் முறை தாண்டினால் தந்தவரிடம் இனி வாங்குவதில்லை. கணினி பொருளை மறைத்துவிட்டு, காரணத்தையும் சொல்லி அக்காவுக்கு மெசேச் அனுப்பியிருந்தது. இந்தத் தூளை நம்பித்தான் அக்கா வீட்டில் அடுப்பெரிகிறது.

எனக்கு மனம் கேட்கவில்லை. வாங்கியவர்களை ஊர்வாரியாகவும் பிரித்தேன். கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒருவரும் திருப்பவில்லை. திருப்பியவர்கள் எல்லோரும் கொழும்பு, மலையகம். அந்தப் பக்கம் போன மாதம்தான் முதன்முறையாக விளம்பரம் போட்டோம். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்களுக்கு மிளகாய்த்தூள் என்றால் மல்லி, சீரகம், மிளகு எல்லாம் வறுத்துச் சேர்த்து இடித்த கறித்தூள். வெறும் மிளகாய் என்றால் தனித்தூள் என்போம். அவர்களுக்கு மிளகாய்த்தூள் என்றால் மிளகாய் மட்டும்தான். தளத்தில் பெயரைப் போட்டது நாங்கள், பழி அக்காவின் தலையில்.

"அண்ணை, தூளில பிழையில்லை. நாங்கள் போட்ட பேரிலதான் பிழை," என்றேன்.

ரூபன் அண்ணா கண்ணைக் கசக்கினார். "கறித்தூள் எண்டு மாத்திப்போட்டுத் திறந்துவிடு, கிருசாந்தி. எனக்குக் களைச்சுப்போச்சு."

மாற்றினேன். சனம் வாங்கியது. அக்காவிடமிருந்து புதிதாக வந்திருந்த, உள்ளே இருப்பது தெரியாத வெள்ளிநிறப் பைகளில் புதுப்பெயரை ஒட்டி, கூரியர் லொறியில் ஏற்றிவிட்டார்கள். அதன் பிறகுதான், நல்ல செய்தி சொல்ல அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, உங்கட தூள் திரும்ப விற்பனைக்கு வந்திட்டுது. உங்களில ஒரு பிழையும் இல்லை."

"அந்த மெசேச்சைப் பாத்து அழுதுபோட்டன், பிள்ளை. கலப்படம் எண்டு என்னை இண்டைவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை." குரல் சோர்ந்திருந்தது. "அதுதான் கிடந்த செத்தல் மிளகாய் முழுக்க மல்லி போடாமல் தனித்தூளா அரைச்சு அனுப்பினனான். வந்து சேந்ததோ?"

லொறி இந்நேரம் வவுனியாவைத் தாண்டியிருக்கும். கறித்தூள் என்று வாங்கியவர்கள் கையில் வெறும் மிளகாய் போய்ச் சேரப்போகிறது. இந்த முறை அவர்கள் குறை சொன்னால் அது உண்மையாகவே இருக்கும், வரம்பும் இரண்டாம் முறை தாண்டும்.

"இனி ஒருத்தரும் திருப்ப மாட்டினம்தானே, பிள்ளை?" என்று கேட்டார் அக்கா.