இடது கண்ணில் மட்டும்

சேனாதிபதி கொடைக்கானலில் பேய் காட்டுகிறவர். இருட்டியதும் சுற்றுலா வந்தவர்களைச் சோலைக்காட்டோரம் கூட்டிப்போய், பனிமூட்டத்தில் ஃபிளாஷ் அடித்துப் படமெடுப்பார். லென்ஸுக்கு முன்னால் மிதக்கும் நீர்த்துளிகள் வெள்ளை உருண்டைகளாக விழும். ஒவ்வொன்றும் ஓர் ஆவி. விசிட்டிங் கார்டில் 'அமானுஷ்ய ஆய்வாளர்' என்று போட்டிருந்தார். ஆவிகள் இதுவரை மறுப்பு தெரிவிக்கவில்லை.

தம்பி மகள் சுந்தரியின் இரண்டாவது பிறந்தநாளன்று அவருக்கு வீட்டுக்குள்ளேயே ஒன்று கிடைத்தது. கரண்ட் போயிருந்தது. தம்பி பிரசாந்த் தன் பழைய போனில் பிள்ளையைப் படமெடுத்தான். லென்ஸை ஒட்டி ஒற்றை எல்இடி. முகம் சுண்ணாம்பாக வெளிறி, சுவரில் கருநிழல் கூர்மையாக விழுந்திருந்தது. வலது கண்ணின் பாப்பா சிவப்பு. இடது கண்ணில் மட்டும் வெள்ளையாக ஏதோ ஒளிர்ந்தது.

"ஏலே, கும்பிட்டுக்கடா. பிள்ளைக்குள்ள யாரோ வந்துருக்காக."

பிரசாந்தின் மனைவி சுசித்ரா ரிசார்ட்டுகளில் படமெடுத்துப் பிழைப்பவள். "செவந்தா ரெண்டும்ல செவக்கணும்?" என்றாள்.

அண்ணன் தன் விலையுயர்ந்த போனை எடுத்தார். மஞ்சளும் வெள்ளையுமாக இரட்டை எல்இடி. பிள்ளையின் கோதுமை நிறம் அப்படியே வந்தது. இரண்டு கண்களும் கறுப்பு.

"பாத்தியா? என்னயப் பாத்ததும் ஓடிருச்சு."

பிரசாந்த் சிரித்தான். சுசித்ராவுக்கும் சிரிக்க ஆசைதான். ஆனால் அந்த போனில் ஃபிளாஷ், லென்ஸை விட்டு இரண்டு விரல் தள்ளியிருந்தது. கண்ணுக்குள் போன வெளிச்சம் வந்த வழியே திரும்பும், லென்ஸில் விழாது.

அவளுடைய போனில் லென்ஸைச் சுற்றியே வளைய எல்இடி. கண்களைச் சிவக்க வைக்கும் என்று இருட்டில் அதைத் தொடவே மாட்டாள். இன்றைக்கு அதுதான் வேண்டும். கண் பாப்பா விரியட்டும் என்று மெழுகுவத்தியை அணைத்தாள். சுந்தரி நேராகப் பார்த்ததும் எடுத்தாள்.

நிழலே இல்லை. முகமூடி போலத் தட்டையான முகம். கண்களில் சின்னச் சின்ன வளையங்கள். வலது கண் பாப்பா சிவப்பு. இடது, முழு வெள்ளை.

"வளைய லைட்டோட பிரதிபலிப்பும்மா அது" என்றார் சேனாதிபதி.

"வளையம் ரெண்டு கண்ணுலயும் கெடக்குங்க அத்தான். வெள்ளை ஒண்ணுலதான். செவப்பு உள்ள ரத்தத்துல பட்டுத் திரும்புறது. இதுல வேற எதுலயோ பட்டுத் திரும்புது."

மறுபடி எடுத்தாள். அதே வெள்ளை. ஆய்வாளர் மதுரைக்கு முதல் பஸ் எப்போது என்று விசாரித்தார்.

மறுநாள் வெள்ளனே மதுரை பஸ். கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, உள்ளே நெடுநேரம் பார்த்தார். "வெள்ளையாத் தெரிஞ்சது கட்டிதாம்மா. சின்னதாத்தான் இருக்கு. கண்ணைக் காப்பாத்தப் பாக்கலாம், இன்னைக்கே சேத்துருங்க."

வராந்தாவில் சுசித்ரா பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். பக்கத்து மலையூர் கவுஞ்சியில் பிரசாந்த் எடுத்தது ஒன்று. இடது கண்ணில் அதே வெள்ளை, பொட்டளவு. பூனைக்குட்டிக் கண்ணு என்று எல்லாரும் சொல்லிச் சிரித்த படம்.

சேனாதிபதி இப்போதும் பேய் காட்டுகிறார். குழந்தையோடு யாராவது வந்தால் மட்டும், உருண்டைகளை எண்ணுவதற்கு முன் படத்தில் பிள்ளையின் கண்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்கிறார்.