பச்சைச் சட்டை நின்ற இடம்

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே எங்கள் ஸ்டூடியோ. கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்துவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஒரு கல்யாணப் படத்தைக் கண்ணாடி ஷோகேஸில் பெரிதாக மாட்டினோம். மாப்பிள்ளையும் பெண்ணும் பளிச்சென்று முன்னால்; பின்னால் எல்லாம் கலங்கல், சீரியல் பல்புகள் வட்ட வட்டமாய். சனிக்கிழமை காலையிலேயே தயாபரன் மாஸ்டர் ஓடி வந்தார். தெமோதரைப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் படிப்பிக்கிறவர்.

"ஜெயந்தினி, பின்னுக்கு ஆடுறது நான்தாங்க! அன்னைக்குக் காய்ச்சல்னு லீவு போட்டேன். பிரின்சிபல் இன்னைக்குச் சந்தைக்கு வருவாரு. என் மானம் போயிரும்!"

முகம் தெரியவில்லை. ஆனால் அந்த உயரமும் கிளிப்பச்சைச் சட்டையும் ஊருக்கே தெரியும். பாவமாக இருந்தது.

"கால் மணி நேரம் குடுங்க" என்றேன்.

பந்தல் வாழைமரத்தை வேறு படத்திலிருந்து வெட்டி அவர்மேல் ஒட்டி, அச்செடுத்து மாட்டினேன். மாஸ்டர் கும்பிடாத குறை.

சற்று நேரத்தில் பிரின்சிபல் குமாரசிங்கம் ஐயாவே உள்ளே வந்தார். மாஸ்டர் பின்திரைக்குள் பாய்ந்தார்.

"பிள்ளை, மற்றதெல்லாம் மங்கலாய்க் கிடக்க, வாழையிலை மட்டும் நரம்பு தெரிய நிக்குது. ஆரை மறைச்சனீங்கள்?"

"திருத்திர்றேங்க" என்றேன்.

"சந்தைக்குப் போட்டு வாறன்" என்று ஐயா வெளியே நடந்தார்.

வெட்கமும் கோபமுமாய் உட்கார்ந்தேன். வாழையைத் தூக்கி எறிந்தேன். மாஸ்டருக்குப் பக்கத்திலிருந்த கலங்கலையே எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாய் அவர்மேல் பூசினேன். அவர் மறைத்திருந்த பல்புகளுக்குப் பதிலாக, பக்கத்து வட்டங்களின் அளவிலேயே, ஓரம் கரைந்துவிடாமல், ஒன்றன்மேல் ஒன்று லேசாய்ப் படிய வட்டங்கள் வைத்தேன். அப்போதும் அந்த இடம் மட்டும் மழமழவென்று தெரிந்தது. கேமராவின் பொடிப்பொடிப் புள்ளிகள் அங்கே இல்லை. அதையும் அளவாய்த் தூவினேன். பச்சை இருந்த சுவடே இல்லை. புதுப் படத்தை மாட்டிவிட்டு எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

ஐயா கத்தரிக்காய்ப் பையுடன் திரும்பினார். மாஸ்டர் மறுபடி திரைக்குள். ஐயா மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, வெகுநேரம் பார்த்தார்.

"கெட்டிக்காரி. இப்ப ஒண்டும் தெரியேல்லை" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

"ஆனால் பிள்ளை, நேற்றுப் பின்னேரம் பஸ்ஸாலை இறங்கேக்கை பார்த்த படம்தான் எனக்குப் பிடிச்சது."

திரை அசைந்தது. அதன் கீழே பெரிய இரண்டு செருப்புகள். ஐயா அவற்றைப் பார்த்தே பேசினார்.

"காய்ச்சலோடை அப்பிடி ஆடுற மனுசன், பிள்ளையளுக்கு ஆண்டு விழா டான்ஸ் பழக்க மாட்டாரோ? திங்கட்கிழமை தொடங்கட்டும். அந்தப் பச்சைச் சட்டையையும் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கோ."

"சரிங்க சார்" என்றது திரை.